தண்டயலிடம் யார் சொல்வது

அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. தலையில் கட்டிவிட்டார்கள். "இறங்குதுறைப் பொறுப்பாளர்" என்று என் கதிரைக்குப் பின்னால் பலகை மாட்டிய அன்று மனைவி கந்தோருக்கு வந்து பார்த்தாள். "பலகை வடிவாத்தான் இருக்கு. கதிரைதான் ஆடுது" என்றாள். ஆடியது உண்மைதான். நான் அந்த வேலையை விட்டு வரும்வரைக்கும் அதற்கு ஒரு கால் கட்டையாகவே இருந்தது. காகிதம் மடித்து வைப்பேன், கூட்டுகிறவன் எடுத்துப் போட்டுவிடுவான்.

ஒரு துண்டு பாண் வாங்கக் கடை வாசலில் விடியவே வரிசை நின்ற காலம் அது. திருகோணமலையில் இருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போவதென்றால் ஆற்றுத் துறைக்குத் துறை இறங்கி ஏறி நாள் முழுக்கப் போய்விடும். அதனால் குடாவைக் கடக்கிற லோஞ்சை, அந்த என்ஜின் படகைத்தான் சனம் நம்பி இருந்தது. காலையில் மூதூரில் இருந்து தயிர்ச்சட்டி, கோழி, காய்கறி, ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி, கச்சேரிக்கு அரசாங்க அலுவலாக வருகிறவர் எல்லாம் ஒரே லோஞ்சில் வந்து இறங்கும். பின்னேரம் அதே சனம் மண்ணெண்ணெயும் சீலைத்துணியும் வாங்கிக்கொண்டு திரும்பும். இந்த லோஞ்சுகளை ஓட்டுகிறவர்களைத் தண்டயல் என்போம். எங்கள் பெரிய லோஞ்சின் தண்டயல் மூதூர்க்காரர், என் தகப்பன் வயது.

நான் ரிக்கற் கிழிக்கிற பெடியனாக அந்தத் துறைக்கு வந்தபோதே அவர் வீலில் நின்றார். என்னைத் தம்பி என்றார், மூதூர் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைக் காக்கா என்றேன். பிறகு நான் அவருக்கு மேலே போனேன். போன நாளில் இருந்து ஆட்கள் முன்னால் அவர் என்னைச் "சேர்" என்று கூப்பிடத் தொடங்கினார். ஒருவரும் இல்லாத நேரம் மறுபடியும் தம்பி. நான் அவரை எந்த இடத்திலும் காக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்படிக் கூப்பிட வேண்டும் என்று இருவரும் கதைத்து முடிவெடுக்கவில்லை. தானாக அமைந்தது.

அந்தத் துறைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. லோஞ்சில் ஏறி அதன் தட்டில் கால் வைத்தால் தண்டயலுக்கு மேலே பேச்சுக் கிடையாது. எங்கள் எல்லாருக்கும் மேலே இருந்த அத்தியட்சகரே ஏறினாலும் தண்டயல் காட்டுகிற இடத்தில் இருப்பார். ஏதும் குறை சொல்ல வேண்டுமென்றால் கயிறு கட்டி, என்ஜின் நிறுத்தி, அவர் கரைக்கு இறங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். எழுதி ஒட்டின சட்டம் இல்லை இது. ஆனால் இதை மீறினவனோடு அந்தத் துறையில் ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள்.

அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குறையும் நல்ல மனதால் வந்த குறை. அதுதான் என் தலைவிதி. குடிகாரனாக இருந்தால், சோம்பேறியாக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டுப் போயிருப்பேன். இவர் கரையில் நிற்கிற ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். லோஞ்சின் பக்கப்பலகையில் ஒரு வெள்ளைக் கோடு அடித்திருக்கும். பாரம் ஏற ஏற லோஞ்சு தாழும், கோடு தண்ணீருக்குக் கிட்ட வரும். கோடு தண்ணீரைத் தொட்டால் கரைக்குப் போட்ட ஏறுபலகையை இழுத்துவிட வேண்டும், அதற்கு மேலே ஒரு கோழிக்கும் இடமில்லை. இவருக்கோ கோடு தண்ணீருக்குள் போன பிறகும் ஆட்கள் "காக்கா, காக்கா" என்று ஓடிவந்தால் மனம் கேட்காது. உள்ளே இடமில்லாவிட்டால் கூரையில் ஏறச் சொல்வார்.

எனக்குப் பயம் அந்தக் கூரையால்தான். பாரம் அடியில் இருந்தால் லோஞ்சு தாழ்ந்தாவது நேராக நிற்கும். பாரம் மேலே போனால் ஒரு பக்கம் சரிந்தால் திரும்பி நிமிர நேரம் எடுக்கும். துறைமுகத்துக்கு உள்ளே கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அங்கே ஒன்றும் தெரியாது. துறைமுகத்து வாய்ப்பக்கம் கடந்து கொட்டியாரக் குடாவுக்குள் போனால் வெளிக்கடலின் அலை பக்கவாட்டில் வந்து தூக்கும். துமி தெறித்தால் சனம் நனையாத பக்கத்துக்கு ஒன்றாக ஓடும். கரை கிட்ட வந்தால் முதலில் இறங்குவதற்காக எல்லாரும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள். வெயில் காலத்தில் இதெல்லாம் தப்பிவிடும். வாடைக்காற்றுத் தொடங்கினால் தப்பாது.

ஒருநாள் நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து எங்கள் அத்தியட்சகர் மாடிக் கந்தோரின் யன்னலால் பார்த்திருக்கிறார். கூரையில் சனத்தோடு லோஞ்சு வருகிறது, வெள்ளைக் கோட்டைக் காணவில்லை. மனிதர் நடுங்கிப்போனார். அவர் கெட்டவர் அல்ல, கொழும்பில் இருந்து மாற்றலாகி வந்த கவனமான ஆள். வயதானவரை நேரே கூப்பிட்டு ஏசினால் மரியாதையில்லை, வீட்டு ஆள் மூலமாகப் பக்குவமாகச் சொல்லி அனுப்பலாம் என்று யோசித்தார். அதே லோஞ்சில் கயிறு பிடிக்கிறவன் தண்டயலின் மருமகன், மகளைக் கட்டியவன். அவனை மாடிக்குக் கூப்பிட்டு, "உம்மட மாமாவுக்கு நீரே சொல்லும். இனிமேல் கோட்டுக்கு மேல ஏத்தினால் வீலை உம்மட கையில தரவேண்டி வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் அது பக்குவமாகத்தான் இருந்திருக்கும். மூதூர்ப் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். மாமி சோறு போடுவார், மாமாவின் கூரைக்குக் கீழே படுப்பான். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு, மாமாவைப் பார்த்து "உங்கட வீல் எனக்கு வரப்போகுதாம்" என்று சொல்வதென்றால் என்ன அர்த்தம்? பாவம் பெடியன், மேலிடத்துக் கட்டளை என்று மகளும் மாமியும் இருக்கச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டான். கிழவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாராம்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குப் போனதும் முதலில் வந்தவன் மருமகன்தான். "சேர், என்னய இந்தச் சள்ளைக்குள்ள ஏன் சேர் மாட்டி விட்டீங்க? மாமி சோத்த வெச்சிட்டு ஒரு வார்த்தையும் பேசாமப் போறா. பொண்டாட்டி அழுறா. மாமா என்னய மனுசனாவே பாக்கிறாரில்ல."

"நான் மாட்டிவிடேல்லையடாப்பா" என்றேன். "நான் கிடந்தது பாயில."

பிறகு தண்டயல் வந்தார். கந்தோரில் அவரும் நானும் மட்டும்தான். "என்ன காக்கா, எப்பிடி?" என்றேன்.

"நல்லம், சேர்" என்றார்.

தனிய இருக்கிற நேரத்தில் சேர். சரி, விசயம் முற்றிவிட்டது என்று விளங்கியது. அன்று பின்னேரம் அவர் முன்னையிலும் கூடுதலாக ஆட்களை ஏற்றினார். கூரையில் நின்ற சனம் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அத்தியட்சகர் என்னைக் கூப்பிட்டார். "நான் மரியாதையாத்தானே சொல்லி அனுப்பினனான்? இப்ப பாரும், வீம்புக்கு ஏத்திறார். வாடை தொடங்கமுந்தி நீர் இதை முடிக்க வேணும். இல்லாட்டி அவரைக் கயிறு பிடிக்க விட்டுட்டு மருமகனை வீலில வைப்பன். எழுதி மேல அனுப்பிடுவன்."

நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன். எனக்கு மேலே இருக்கிறவருக்குப் பிழை சொல்வதும் அதே வேலைதானே, அதற்கும் கதவு சாத்த வேண்டும். "சேர், கோவிக்கக்கூடாது. கோட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மருமகனிட்டச் சொன்னதுதான் பிழை. அவையின்ர வீட்டில அது அடிச்ச மாதிரி. ஊருக்கு முன்னால ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப என்ன, நான் போய் மன்னிப்புக் கேட்கவோ?"

"வேண்டாம் சேர். நான் கதைக்கிறன். ஆனால் இனி அவருக்குச் சொல்லுறதெல்லாம் என்னாலதான் போகவேணும். மருமகனுக்கு வீல் குடுக்கிற கதையை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அவன் நல்ல பெடியன், ஆனால் வாடைக்க வாய்ப்பக்கம் ஒருநாளும் தனியக் கடந்தவனில்லை. அவனை வீலில வைச்சால் லோஞ்சும் போகும், அந்த வீடும் உடையும்."

"சரி. வாடை தொடங்கும்வரைக்கும் பொறுக்கிறன்" என்றார்.

இப்படியாக மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், நடுவில் ஆடுகிற கதிரையில் நான். எங்கே வைத்துச் சொல்வது என்பதுதான் முதல் தலையிடி. கந்தோரில் சொன்னால் நான் இருக்க அவர் நிற்பார். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார். தேத்தண்ணிக் கடையில் சொன்னால் கடை முழுக்கக் காது. அவர் வீட்டுக்குப் போனால் திரைக்குப் பின்னால் பெண்கள், முன்னால் மருமகன். லோஞ்சில் சொல்லவே ஏலாது. இரவில் நித்திரை வராமல் புரண்டதைப் பார்த்த மனைவி, "நீங்கள் ஒரு ஆளுக்குப் புத்தி சொல்லப் போறியளோ, சம்பந்தம் பேசப் போறியளோ? இவ்வளவு யோசனை என்னைப் பொம்பிளை பார்க்க வரேக்கயும் யோசிச்சிருக்க மாட்டியள்" என்றாள். உண்மை. அன்றைக்கு நான் யோசித்திருந்தால் எங்கே வந்திருப்பேன்?

கடைசியில் லோஞ்சே வழி காட்டியது. வாடைக்கு முன்னால் ஒவ்வொரு லோஞ்சையும் கரையில் இழுத்து ஏற்றி அடிப்பலகையைச் சுரண்டி, தண்ணீர் புகாமல் கீல் பூசுவது வழக்கம். பெரிய லோஞ்சு கரைக்கு ஏறியது. சுரண்டுகிற ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், தண்டயல் மட்டும் லோஞ்சுக்குக் காவல் மாதிரி நிழலில் இருப்பார். அது அவருடைய இடம், ஆனால் லோஞ்சின் தட்டு அல்ல. கேட்பதற்கு ஒரு ஆளும் இல்லை.

முதல்நாளே அவரிடம் போய், "காக்கா, நாளைக்கு மத்தியானம் உங்களோட தனியக் கதைக்க வரப்போறன். பாரம் ஏத்திற விசயம்" என்று சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் திடீரென்று போய்ப் பிடித்தால் அது பொறி வைத்த மாதிரி ஆகிவிடும். அவர் தலையை ஆட்டினார். சேர் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை.

போனபோது அவர் ஒரு மரக்குத்தியில் இருந்தார். நான் பக்கத்தில் மணலில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் லோஞ்சின் பக்கப்பலகை சுவர் மாதிரி நின்றது. வெள்ளைக் கோடு எங்கள் கண் மட்டத்துக்கு வந்தது. தலைவலிக்குப் பூசின மருந்து மணந்தது அவரிடம். சுற்றி வளைத்துச் சுகம் விசாரித்து, மழை கதைத்து, பிறகு நுழையலாம் என்று யோசித்து வைத்த பேச்செல்லாம் பறந்துவிட்டது. நல்லதுக்குத்தான்.

"காக்கா, முதல்ல ஒண்டு. மருமகனிட்டச் சொல்லி அனுப்பினது பிழை. அது இனி நடக்காது. உங்களுக்குச் சொல்லவேண்டியது உங்களுக்குத்தான் வரும், என்னாலதான் வரும்."

அவர் மணலைப் பார்த்தபடி, "மருமகன்ட வாயால கேக்கிறதுக்கு நான் இன்னும் மையத்தாகிக் குழிக்குள்ள போகல்ல" என்றார்.

"ஓம். எனக்கு விளங்குது. ஆனால் சொன்ன விதம் பிழை எண்டதுக்காகச் சொன்ன விசயம் பிழையாகாது, காக்கா. நான் கண்ணால கண்டதை மட்டும் சொல்லுறன். போன சந்தை நாள் நான் துறையில நிண்டனான். பின்னேர லோஞ்சில கோடு தண்ணிக்குள்ள போயிட்டுது. கூரையிலயும் ஆக்கள். அப்பிடி ஏத்த ஏலாது. வாடைக்க இப்பிடிப் போனால் ஒருநாளைக்குக் கவிழும்."

"என்ட கையில இதுவரைக்கும் ஒரு சட்டி தயிர் கடல்ல உழுந்ததில்ல." குரல் உயர்ந்தது. "நீங்க பொறக்குறதுக்கு முந்தியே நான் இந்த வாயக் கடந்தவன். எனக்குக் கோடு காட்டுறீங்களா? மேசையில இருந்து பேனா பிடிக்கிறவன் வீல் பிடிக்கிறவனுக்குப் படிச்சுக் குடுக்கிற காலமா இது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கோபம் ஊரறிந்தது. எழும்பி, "அப்ப கயிறு பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. காய்ச்சல் விட்ட அலுப்பாக இருக்கலாம். கோபப்படுவதற்கும் உடம்பில் சத்து வேண்டும். பேசாமல் பக்கப்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவரும் அங்கேதான் பார்த்தார். துறைமுகத்துத் தண்ணீரில் எப்பவும் கப்பல் எண்ணெய் படலமாக மிதக்கும். லோஞ்சு பாரத்தோடு நிற்கும்போது தண்ணீர் எதுவரை வந்ததோ அதுவரைக்கும் கறுப்பாகக் கறை பிடிக்கும். அந்தக் கறை வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறி, பின்பக்கம் இன்னும் உயர்ந்து கிடந்தது. தண்ணீரில் கிடக்கும்போது கண்ணில் படாது, தட்டில் நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நான் விரலை நீட்டவில்லை. எழும்பிப் போய்த் தடவிப் பார்த்தவர் அவர்தான். விரலை மூக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாரத்தில் துடைத்தார்.

"பின்னால இவ்வளவு தாழ்ந்திரிக்கா" என்றார் தனக்குள்ளே.

நான் "பார்த்தீங்களா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும்.

திரும்பி வந்து குத்தியில் இருந்தார். "காக்கா, உங்களுக்குக் கோடு தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை" என்றேன். "அதைத் தாண்டி ஏன் ஏத்திறியள்? அதைத்தான் கேட்க வந்தனான்."

அவர் ஒரு சுள்ளியால் மணலைக் கிளறினார். நான் இடைவெளியை நிரப்பாமல் இருந்தேன், அது எனக்குப் பெரிய பாடு. பிறகு சொன்னார்: "இறங்கு எண்டு எந்த வாயால சொல்ற? ஏறி நிக்கிறவன் ஆரு? ஒருத்தன் என்ட மச்சான். ஒருத்தி என்ட உம்மாவுக்குப் பேறு பாத்தவ. வெள்ளிக்கிழம பள்ளிக்குப் போனா நான் இறக்கி விட்டவன்தான் என்ட தோளோட தோள் நிண்டு தொழுவான். மேல இருக்கிற உங்களுக்குக் கோடு. எனக்கு மொகம். நீங்க சட்டத்த அடிச்சிட்டுப் போயிட்டீங்க, அத மொகத்துக்கு முன்னால சொல்ற வேல மட்டும் என்ட தலையில."

இத்தனை காலமும் கோட்டைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், அந்தப் பலகையடியில் தனியாக நின்று "இல்லை" என்று சொல்லவேண்டிய மனிதனை நான் பார்க்கவில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை.

"சரி" என்றேன். "ரவுன் பக்கத்தில, எங்கட திருகோணமலைத் துறையில, அந்த வேலையை நான் எடுக்கிறன். பலகையடியில நான் நிப்பன். கோடு தொட்டால் நான்தான் நிப்பாட்டுவன். ஏசுறவை என்னை ஏசட்டும். நீங்கள் வீலை விட்டு வரத் தேவையில்லை. கூரையில ஒருத்தரும் இல்லை, அதுவும் என்ர கட்டளை எண்டே சொல்லுங்கோ."

"மூதூர்ப் பக்கம்?"

"மூதூரில நான் இல்லை, காக்கா. அங்க நீங்கள்தான். அதுக்கு என்னிட்ட வழியில்லை." பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இன்னொண்டும் இருக்கு. மறைக்கக்கூடாது. வாடைக்க இது சரிவராட்டி உங்களை வீலில இருந்து எடுத்துக் கயிறு பிடிக்க விடுவினம். அது என்ர விருப்பமில்லை. ஆனால் நான் தடுக்கவும் ஏலாது, அப்பிடி நடந்தால் நான்தான் வந்து உங்களிட்டச் சொல்லுவன்."

அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எனக்குச் சொல்றதெண்டா ஆக்களுக்கு முன்னால சொல்லாதீங்க. அவ்வளவுதான்" என்றார். சுரண்டுகிற ஆட்கள் திரும்பி வந்தார்கள். நான் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

அத்தியட்சகர், "என்ன சொன்னார்?" என்று கேட்டார். "ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். கல் உடைத்துவிட்டு வந்த அலுப்பு.

பிறகு வந்த நாட்கள் எனக்குத்தான் சனியன். நான் பலகையடியில் நின்றேன். கோடு தொட்டதும் கையை விரித்து மறிப்பேன். "உன்ர அப்பன் வீட்டு லோஞ்சோ?" என்று கேட்டார்கள். ஒரு கிழவி மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு, "நீ நல்லா இரிப்பியா?" என்று சாபம் போட்டாள். தண்டயல் வீலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு சேர் என்ற பேச்சுத்தான். அதுவும் தேவைக்கு மட்டும். மூதூரில் இருந்து வருகிற காலை லோஞ்சு சில நாள் கோட்டுக்குச் சரியாக வந்தது, சில நாள் தாழ்ந்து வந்தது. தாழ்ந்து வந்த நாட்களில் ஆட்கள் போன பிறகு நான் அவரிடம் போய், "காக்கா, இண்டைக்குக் கோடு உள்ள போயிருந்தது" என்பேன். "ஓம்" என்பார். அதற்கு மேலே இரண்டு பேருக்கும் கதையில்லை. நல்லபடி வந்த நாளிலும் போய், "இண்டைக்கு வடிவா வந்தது" என்பேன். அதற்கும் ஓம்தான். இது ஒரு பிழைப்பா என்று எனக்கே வெறுத்துப்போனது.

வாடை எழும்பியது. வாய்ப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உடைந்தது. அத்தியட்சகர் கூப்பிட்டு, "நீர் ஒருக்கா மூதூருக்குப் போய் அங்க எப்பிடி ஏத்திறார் எண்டு கண்ணால பார்த்திட்டு வந்து சொல்லும். அதோட நான் முடிவெடுக்கிறன்" என்றார். நான் தண்டயலிடம் நேரே போய்ச் சொன்னேன்: "நாளைக்கு உங்களோட மூதூருக்கு வாறன். நீங்கள் ஏத்திறதைப் பார்க்கத்தான் வாறன். ஒளிச்சுப் பார்க்க விருப்பமில்லை."

"வாங்க, சேர்" என்றார்.

மூதூர்த் துறையில் அன்று சரியான சனம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நான் காலையில் இருந்து நனைந்து, ஒரு பணிஸை மட்டும் தின்றுவிட்டு நின்று, பல் கிட்டிப்போய், ரவுனுக்குத் திரும்புகிற கடைசி லோஞ்சில் வீலுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். உத்தியோகத்தருக்கு என்று விடுகிற இடம். வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணியில் முழுகிப் படுக்க வேண்டும், அதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். கூரையில் ஒருத்தரும் இல்லை. கோடு தண்ணீருக்கு மட்டுமட்டாக நின்றது. மருமகன் பலகையை இழுக்கக் குனிந்தான். அப்போதுதான் ஒரு உம்மா, இளைப்பில் நெஞ்சு ஏறி இறங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரிக்கு. தண்டயல் கையைக் காட்ட, மருமகன் அவளை ஏற்றினான். நான் எட்டிப் பார்த்தேன். கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

இந்தா, மறுபடியும் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். போய் என்ன சொல்லப்போகிறேன்? பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றா சொல்லுவேன்?

அவர் என்ஜினை முடுக்கச் சொல்லவில்லை. வீலை விட்டு வந்து என் தோளில் கை வைத்தார். "தம்பி, ஒருக்காக் கரைக்கு வாங்க" என்றார்.

தம்பி. நான் ஒன்றும் யோசிக்காமல் எழும்பிப் பின்னால் போனேன். துறையின் சாமான் கொட்டிலுக்குப் பின்பக்கம், சனத்தின் கண்ணில் படாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கோடு தொட்டுட்டு, தம்பி. ஒருத்தர் இறங்கணும். உள்ள இரிக்கிறவங்கள ஒவ்வொண்டாப் பாத்தன். நோயாளி, விடிஞ்சாக் கச்சேரிக்குப் போறவன், கைப்புள்ளக்காரி. வேல முடிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். ஆக்களுக்கு முன்னால சொன்னா உங்களுக்குக் குறை. அதான் இஞ்ச கூட்டி வந்த."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும். "காக்கா, நான் பார்க்க வந்தனான்! நீங்கள் எப்பிடி ஏத்திறியள் எண்டு பார்த்து மேலிடத்துக்குச் சொல்ல வந்தனான்!"

"அதான். பாத்திட்டீங்கதானே."

நான் கால் மாற்றி நின்றேன். நனைந்த சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. லோஞ்சில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள், அதற்கும் திரும்பவில்லை. நான் மணலில் இருந்துகொண்டு அவருக்கு இடம் விட்ட மாதிரி அவர் எனக்கு இடம் விட்டுக்கொண்டு நின்றார்.

"சரி, காக்கா. போங்கோ" என்றேன்.

"என்ட ஊட்டுக்குப் போங்க. மழக்க நிக்காதீங்க. சோறு இரிக்கி. நான் சனத்த இறக்கிட்டு இருட்டுறதுக்குள்ள திரும்பி வந்திருவன், சேந்து சாப்பிடலாம்." திரும்பி நடந்து, லோஞ்சில் ஏறினதும் எல்லாருக்கும் கேட்க உரத்துச் சொன்னார்: "சேருக்கு இஞ்ச இன்னும் வேல இரிக்காம். நாளைக்குத்தான் வருவாராம். மருமகன், பலகைய இழுங்க."

மருமகன் என்று அவர் கூப்பிட்டதை அன்றுதான் பல காலத்துக்குப் பிறகு கேட்டேன். அவன் பலகையை இழுத்தான். லோஞ்சு கொஞ்சம் அசைந்து பின்னால் போனது. மழைக்குள் நின்று பக்கப்பலகையைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. என் ஒரு ஆளின் பாரம்.

அன்று அவர் வீட்டில் சுடுதண்ணியும் கிடைத்தது, சோறும் கிடைத்தது. சாப்பிடும்போது மருமகனும் எங்களோடு இருந்தான். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் யாரும் கதைக்கவில்லை. மீன் நல்லது என்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் கந்தோருக்குப் போனதும் அத்தியட்சகர் கூப்பிட்டார். "என்ன, நேற்றுக் கடைசி லோஞ்சில உம்மைக் காணேல்லை? சரி, விசயத்தைச் சொல்லும். கோடு தொட்டால் ஆக்களை இறக்கிறாரோ?"

"ஓம் சேர். இறக்கினவர்."

"ஆரை இறக்கினவர்?"

"என்னைத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சப்பாத்து இன்னும் காயவில்லை. பிறகு முன்னால் கிடந்த தாளை, மேலே அனுப்பவென்று எழுதி வைத்திருந்ததை, எடுத்து இரண்டாகக் கிழித்தார். "போய் உடுப்பை மாத்தும்" என்றார்.